கூடுதல் வட்டிக்கும் கிடைக்காத கடன்

பெரும்போக விதைப்புக்குக் காலம் நெருங்கும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் கிண்ணியாப் பகுதியின் தேநீர்க் கடைகளிலும், உரக்கடை வாசல்களிலும், வயல் வரம்புகளிலும் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கக்கூடிய ஒரு வாதம் உண்டு. வங்கிக்கு ஏழை விவசாயியின்மீது நம்பிக்கை இல்லையென்றால், அந்த நம்பிக்கையின்மைக்கு ஒரு விலையை வைத்து, பிறருக்குப் பதினெட்டு வீதமென்றால் இவனுக்கு முப்பது வீதமென்று வட்டியைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாமே; கேட்ட வட்டியைக் கட்ட அவன் சம்மதித்த பின்னரும் கொடுக்கவே மாட்டேன் என்று கையை விரிப்பது வஞ்சகமன்றி வேறென்ன என்பதே அவ்வாதம்.

இதைப் படிப்பறிவில்லாதார் ஆற்றாமையென்று ஒதுக்கிவிட முடியாது. பொருளியலில் பட்டம் பெற்ற கனவான்களும் இதே அபிப்பிராயத்தை நாகரிகமான உடையணிந்து மேடையேற்றுகிறார்கள். அரசாங்கம் வட்டிக்கு உச்சவரம்பு விதிப்பதை நிறுத்திவிட்டால், ஆபத்து மிகுந்தவனுக்கு அதிக வட்டி, ஆபத்துக் குறைந்தவனுக்குக் குறைந்த வட்டி என்ற ஏற்பாடு தானாகவே உருவாகி, கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்புவோர் ஒருவருமில்லாத நிலை வந்துவிடும் என்பது அவர்கள் சித்தாந்தம். தேநீர்க் கடையார் வங்கியைப் பழிக்கிறார்கள், பட்டதாரிகள் அரசாங்கத்தைப் பழிக்கிறார்கள் என்பதைத் தவிர இரு சாராருக்குமிடையே பேதமில்லை. மீனுக்கு விலையை ஏற்றினால் சந்தைக்கு மீன் வருவதுபோல, கடனுக்கு வட்டியை ஏற்றினால் கடனும் வரும் என்ற ஒரே அநுமானத்தின்மேல் இரண்டு கட்சியும் நிற்கின்றன. அந்த அநுமானமே தவறென்பது என் கட்சி.

வெளியூரார் குறிஞ்சாக்கேணியின் பெயரைப் பெரும்பாலும் 2021 நவம்பர் 23ஆம் நாள் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்த துயரத்தின் வாயிலாகவே அறிந்திருப்பர். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவை ஒட்டிய இந்த ஊரின் மக்கள் நெல்லையும், மீனையும், மாட்டையும், சில்லறை வியாபாரத்தையும் நம்பி வாழ்பவர்கள். இவை நான்கும் கடன் வாங்காமல் நடவாத தொழில்கள். அவற்றிலும் நெல், முதலை முழுவதும் மண்ணில் போட்டுவிட்டு நான்கு மாதம் வானத்தைப் பார்த்திருக்கவேண்டிய தொழில். எனவே கடன் மறுப்பு என்பது இங்கே வெறும் ஏட்டு விஷயமன்று.

போகக் கடனுக்காக வங்கி முகாமையாளரின் மேசைக்கு முன்னே அமர்ந்திருக்கும் ஒரு விவசாயியின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“சேர், மத்த ஆக்களுக்குப் போடுற வட்டியவிட அஞ்சு கூடப் போடுங்க. நான் கட்டுறன்.”

“வட்டியில பிரச்சின இல்ல காக்கா. பிணை வைக்க ரெண்டு அரசாங்க உத்தியோகத்தர் இருக்காங்களா? காணி உறுதிக் காணியா, பெர்மிற் காணியா?”

கேட்பவன் விலையைப் பேசுகிறான். கொடுப்பவரோ விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பிணையையும் காணியையும் பற்றியே விசாரிக்கிறார். சந்தையில் எந்த வியாபாரியாவது கூடுதல் விலை தர முன்வந்தவனிடம், உனக்குச் சாட்சிக்கு ஆளுண்டா என்று கேட்பானா? கேட்கமாட்டான்; ஏனெனில் மீன் வாங்கியவன் காசைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். கடன் வாங்குபவன் இன்று கொடுப்பது ஒரு வாக்குறுதியை மட்டுமே. முப்பது வீதம் என்று பத்திரத்தில் எழுதுவது எவருக்கும் எளிது. எழுதிய முப்பதில் எத்தனை வந்துசேரும் என்பதே வங்கியின் கவலை. பத்திரத்தில் எழுதிய வட்டி உயர உயர, வந்துசேரும் வட்டியும் உயரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஓர் எல்லைக்கு மேல் அது குறையவே செய்யும்.

இதை ஒரு கணக்கினால் விளக்கலாம். எண்கள் நான் கற்பித்தவை. அவை காட்டும் போக்கு கற்பனையன்று. ஒரு போகத்துக்கு ஆளுக்கு 1 இலட்சம் ரூபாய் வேண்டி 100 பேர் வங்கிக்கு வருகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 80 பேர் நிதானஸ்தர்கள். வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலில் வழக்கமான நெல்லை விதைப்பவர்கள். இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு விளைச்சல் பழுதின்றி வீடு வந்துசேரும். வந்தால், போட்ட இலட்சம் 1 இலட்சத்து 26 ஆயிரமாகும். எஞ்சிய 20 பேர் துணிச்சல்காரர்கள். மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலத்தில், விலை ஏறினால் அள்ளலாம் என்று சின்ன வெங்காயம் போன்ற பயிரில் இறங்குபவர்கள். அவர்களில் பாதிப்பேருக்கு இலட்சம் இரண்டு இலட்சமாகும். மறுபாதிக்கு ஒரு சதமும் மிஞ்சாது. இரு சாராரிடமும் வங்கி ஏலம்போடத்தக்க சொத்து ஏதுமில்லை. தொழில் நட்டப்பட்டால் வங்கியின் பணமும் போயிற்று. இன்னார் நிதானஸ்தர், இன்னார் துணிச்சல்காரர் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவுமில்லை. நூறு பேரும் நெல் விதைக்கவே கடன் கேட்பதாக விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள்.

வங்கி 20 வீத வட்டிக்கு நூறு பேருக்கும் கொடுக்கிறது. நிதானஸ்தரில் 76 பேரும் துணிச்சல்காரரில் 10 பேருமாக 86 பேர் ஆளுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம் திருப்பிக் கட்டுகிறார்கள். கொடுத்த 100 இலட்சத்துக்கு வந்தது 103.2 இலட்சம். வட்டியை 25 வீதமாக்கினால் அதே 86 பேரிடமிருந்து 107.5 இலட்சம் வரும். இதுவரையில் விலை ஏற ஏற வரவும் ஏறுகிறது. தேநீர்க் கடை வாதத்துக்கு வெற்றிதான். இனி 30 வீதமாக்கிப் பாருங்கள். விளைந்தாலும் 1 இலட்சத்து 26 ஆயிரமே கிடைக்கும் நிதானஸ்தன், 1 இலட்சத்து 30 ஆயிரம் கட்டவேண்டிய கடனை ஏன் வாங்குவான்? அவன் சண்டையிடவுமில்லை, மனுக்கொடுக்கவுமில்லை. வங்கிக்கு வராமலே இருந்துவிடுகிறான். துணிச்சல்காரனுக்கோ முப்பது வீதம் ஒரு பொருட்டன்று; விளைந்தால் எழுபதாயிரம் மிஞ்சும், விளையாவிட்டால் கட்டப்போவதே இல்லை. ஆகவே எஞ்சி நிற்கும் 20 பேருக்கு வங்கி 20 இலட்சம் கொடுத்து, 10 பேரிடமிருந்து 13 இலட்சம் வாங்கி, 7 இலட்சத்தைத் தொலைக்கிறது. அந்த நட்டத்தை ஈடுசெய்ய வட்டியை 60 வீதமாக உயர்த்தினால் வருவது 16 இலட்சம். அப்போதும் 4 இலட்சம் நட்டம். நூறு வீதம் விதித்து, விளைந்ததை எல்லாம் வாரிக்கொண்டாலும் போட்ட முதலே திரும்பும். இலாபமென்று ஒரு சதமுமில்லை. இருபத்தைந்து வீதத்தில் இலாபம் தந்த அதே ஊர், அறுபது வீதத்தில் நட்டம் தருகிறது.

இப்போது வங்கியிடம் கடன் கொடுக்க 60 இலட்சமே இருக்கிறதென்றும், வைப்பாளருக்குக் கொடுக்கும் வட்டியும் நடைமுறைச் செலவும் சேர்ந்து நூற்றுக்கு 6 ஆகிறதென்றும் வைத்துக்கொள்வோம். 25 வீதத்துக்குக் கொடுத்தால் நிகரமாக 7.5 வீதம் வரும், வங்கி பிழைத்துக்கொள்ளும். ஆனால் 60 பேருக்கே கிடைக்கும். 40 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் வங்கியின் கண்ணில் யாதொரு பேதமுமில்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். திரும்பியவர்களில் ஒருவன் மறுபடி வந்து, “முப்பது தருகிறேன்” என்கிறான். சந்தைச் சித்தாந்தத்தின்படி முகாமையாளர் அவனை அணைத்துக்கொள்ளவேண்டும். அவரோ அவனுடைய வார்த்தையில் இரண்டு செய்திகளைக் கேட்கிறார்: ஐந்து வீதம் கூட வரும் என்பது ஒன்று, முப்பதுக்கு உடன்படக்கூடியவன் எத்தன்மையன் என்பது மற்றொன்று. நிதானஸ்தன் முப்பதுக்கு உடன்படமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். கூடுதல் வட்டி தர முன்வருவதே அவனுக்கெதிரான சாட்சியாகிவிடுகிறது. பொருளியலார் கொடுகடன் பங்கீடு என்று வழங்குவது இதனையே. விலையைக் கொண்டு பங்கிட முடியாத பொருளை, இவனுக்கு உண்டு, உனக்கு இல்லை என்று பங்கிடுதல்.

அப்படியானால் நிதானஸ்தனுக்கு இருபதும் துணிச்சல்காரனுக்கு அறுபதுமாகத் தனித்தனியே விதிக்கலாமே என்று கேட்பவர், கணக்கின் முதல் வரியை மறந்துவிட்டார். யார் எவர் என்று வங்கி அறிந்திருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது. துணிச்சல்காரனுக்கு எந்த வட்டிக்கும் கொடுக்காமல், கையிலுள்ள பணத்தை நிதானஸ்தருக்கே தாராளமாகக் கொடுத்திருக்கும்.

வட்டி, வருகின்ற ஆளைத் தெரிவு செய்வதோடு நிற்பதில்லை. வந்த ஆளின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. கதிர் முற்றும் காலத்தில் திருகோணமலை மாவட்டத்து வயல்களில் இரவுக் காவல் எத்தகையது என்பது இப்பகுதியாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காவற்பரணில் விழித்திருந்து, நெருப்பு மூட்டி, யானை வெடி கொளுத்தி, விடியும்வரை ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைப்பது, அறுவடையில் தனக்கொரு பங்கு மிஞ்சும் என்ற நம்பிக்கையினால்தான். விளைச்சலில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்று தெரிந்த பின்னர், அவன் மழையிரவில் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அவனைக் குறைசொல்ல யாருக்கு உரிமை உண்டு? மூன்றாவது முறை போடவேண்டிய பசளையை இரண்டோடு நிறுத்துவதும், கிடைத்த பணத்தின் ஒரு பகுதியை வேறோர் அவசர வியாபாரத்தில் திருப்புவதும் இப்படியே நிகழ்கின்றன. நாணயமானவனையும் சூதாடியாக்கும் சக்தி வட்டி உயர்வுக்கு உண்டு. அதை எந்தப் பத்திரத்தின் நிபந்தனையினாலும் வங்கி தடுத்துவிட முடியாது, ஏனெனில் வங்கியின் அதிகாரி காவற்பரணில் அமர்ந்திருக்கவில்லை.

இந்த யுக்தி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆதம் சிமித் 1776இல் வெளியிட்ட தமது நூலிலேயே, சட்டம் அனுமதிக்கும் வட்டி எட்டு, பத்து என்று உயருமானால், நாட்டின் பணத்தில் பெரும்பங்கு ஊதாரிகளுக்கும் ஆகாயக்கோட்டை கட்டும் திட்டக்காரருக்குமே போய்ச்சேரும், நிதானஸ்தர்கள் அந்தப் போட்டியில் இறங்கமாட்டார்கள் என்று எழுதினார். சுதந்திர வியாபாரத்தின் பிதாவென்று போற்றப்படும் அவரே வட்டிக்கு வரம்பு வேண்டும் என்றதைப் பொறாத ஜெரமி பெந்தாம், 1787இல் வட்டித் தொழிலுக்கு வக்காலத்து வாங்கி ஒரு நூலே எழுதி அவரை மறுத்தார். இரு நூற்றாண்டுகள் கழிந்து, 1981இல் யோசப் ஸ்டிக்லிட்சும் அன்ரூ வைசும் எழுதிய கட்டுரையொன்று, யாதொரு உச்சவரம்பும் இல்லாத, வங்கிகள் தம் விருப்பம்போல் வட்டி விதிக்கக்கூடிய சந்தையிலும், கடன் மறுப்பு நிலையாக இருந்துகொண்டே இருக்கும் என்பதைக் கணித முறையில் நிறுவியது. தகவல் சமமாகப் பரவாத சந்தைகளைப் பற்றிய ஆய்வுக்காக 2001இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஸ்டிக்லிட்சும் ஒருவர். உச்சவரம்பே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்பவர்கள் முதலில் விடையளிக்கவேண்டியது இந்தக் கட்டுரைக்கு. உச்சவரம்பு சில சமயங்களில் மறுப்பை உண்டாக்குவது மெய்யே. அது நீங்கினால் மறுப்பும் நீங்கிவிடும் என்பதுதான் பொய்.

இனி எதிர்க்கட்சியாரின் வலிமையான ஆட்சேபத்துக்கு வருவோம். “வங்கி கொடுக்காத இடத்தில் முதலாளி கொடுக்கிறாரே, மாதத்துக்கு ஐந்து, பத்து என்று வாங்குகிறாரே, அவர் நட்டப்பட்டா போனார்?” என்பது அது. கேட்கும்போது பதிலற்றதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, சற்று நின்று யோசித்தால் என் கட்சிக்கே அநுகூலமாகிறது.

முதலாளி பிழைப்பது வட்டி அதிகமென்பதனால் அன்று. விதைநெல்லையும், பசளையையும், உழவு மெஷினுக்கு டீசலையும் அவர் கடனாகக் கொடுக்கிறார். அதனால் பணம் வேறு வழியில் திரும்பிவிடாது. எவனுடைய வயலுக்குத் தண்ணீர் முந்தி வருகிறது, எவன் வீட்டில் கல்யாணச் செலவு காத்திருக்கிறது, எவன் சென்ற போகத்தில் வேறொருவருக்குக் கடனை இழுத்தடித்தான் என்பதெல்லாம் அவருக்கு விண்ணப்பப் படிவமின்றியே தெரியும். வெட்டு மெஷின் வயலில் இறங்கும் நாளில் அவருடைய லொறி வரம்போரத்தில் வந்து நிற்கும். நெல் மூட்டை வீட்டைக் காணுமுன்னே லொறியில் ஏறிவிடும். பல வேளைகளில் வட்டி என்ற பேச்சே இராது. சந்தை விலைக்குக் கீழே நெல்லுக்கு ஒரு விலை வைத்து, அந்த வித்தியாசத்தில் தமது ஊதியத்தை எடுத்துக்கொள்வார். கடற்கரையில் எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்து மீனைத் தமக்கே தரும்படி கட்டுப்படுத்துகிறவரின் முறையும் இதுவே. வங்கிக்கு இல்லாத அறிவும், வங்கிக்கு இல்லாத பிடியும் அவரிடம் உண்டு. அவருடைய வட்டியை மாத்திரம் வங்கி எடுத்துக்கொண்டு, அறிவையும் பிடியையும் எடுத்துக்கொள்ளாவிட்டால் மேலே சொன்ன கணக்கின்படி நட்டமே மிஞ்சும்.

அந்த முதலாளியும் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பவரல்லர் என்பதை எதிர்க்கட்சியார் கவனிப்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துச் சாம்பர் என்னும் சந்தைப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் வட்டிக்குக் கொடுப்போரை நேரில் விசாரித்து இர்பான் அலீம் செய்த ஆய்வு 1990இல் வெளியாயிற்று. அங்கே சராசரி வட்டி ஆண்டுக்கு 79 வீதம். அத்தகைய வட்டிக்குக் கொடுக்கும் அவர்களே, புதிதாய் வந்தவனுடன் சில காலம் சாதாரண வியாபாரம் செய்து அவன் நடத்தையைப் பார்த்த பின்னரே கடன் கொடுத்தார்கள். அப்படிப் பார்த்த பின்னும் ஏறத்தாழப் பாதிப்பேரை நிராகரித்தார்கள். வட்டிக்கு வரம்பே இல்லாத, சட்டத்தின் கண்ணுக்கெட்டாத அந்தச் சந்தையில், 79ஐ 120 ஆக்கி அந்தப் பாதிப்பேருக்கும் கொடுத்துவிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வாங்கிய உயர்ந்த வட்டியின் பெரும்பகுதி, ஆளை அறிவதற்கும் பின்தொடர்ந்து வசூலிப்பதற்குமான செலவேயன்றி, ஏமாற்றுவோருக்கான ஈடு அன்று.

நம் தீவின் சரித்திரமே இதற்கு இன்னும் நெருங்கிய சாட்சியம் தருகிறது. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் கொழும்பிலிருந்த ஆங்கில வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் கடன் கொடுத்தன. இலங்கை வியாபாரிக்கும் காணிக்காரனுக்கும் நேரே கொடுப்பது மிக அரிது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கோ, வங்கியின் சிறாப்பர் உத்தரவாதம் சொன்னதன்பேரில், அவை கொடுத்தன. செட்டியார்கள் அதனையும் தம் சொந்த முதலையும் சேர்த்து அதிக வட்டிக்கு உள்ளூரார்க்குக் கொடுத்தார்கள். உள்ளூரான் செட்டியாருக்குக் கொடுத்த வட்டியை வங்கிக்கே கொடுக்கச் சித்தமாயிருந்தான். இடையிலே ஒருவரை வைக்காமல் அந்த வித்தியாசம் முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ள இலாபவெறி கொண்ட அந்த வங்கிகளுக்கு என்ன தடை? நிறத் துவேஷம் ஒரு தடை. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் செட்டியாரும் வெள்ளையரல்லரே. அவருக்குக் கொடுத்ததற்குக் காரணம், உத்தரவாதம் சொல்ல அவரை அறிந்த ஒரு மனிதன் இருந்ததுதான். 1925இல் செட்டியார்களின்மேல் வங்கிகளுக்கிருந்த விசுவாசம் ஆட்டங்கண்டபோதும், வங்கிகள் ஆபத்துக்கேற்ப வட்டியை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. கொடுக்கும் தொகையை வெட்டின. அந்தக் கடன் வறட்சியின் புழுக்கத்திலிருந்தே சேர் சொராப்ஜி பொச்கனவாலா தலைமையில் 1934ஆம் ஆண்டின் வங்கி விசாரணைக் குழு வந்தது; அதன் சிபாரிசின் பயனாக 1939 ஆகஸ்ட் 1ஆம் நாள் இலங்கை வங்கி பிறந்தது. அக்குழுவும் நாட்டாருக்கு அதிக வட்டி விதிக்க அனுமதியுங்கள் என்று சொல்லவில்லை. அவர்களை அறியக்கூடிய ஒரு ஸ்தாபனத்தை உண்டாக்குங்கள் என்றே சொல்லிற்று.

ஆபத்துக்கேற்ற வட்டி என்ற பரீட்சை நம் காலத்திலும் நடந்தே முடிந்திருக்கிறது. யுத்தம் ஓய்ந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்து, பிணையின்றி, குழு உத்தரவாதத்தின்பேரில் பெண்களுக்குக் கடன் கொடுத்தன. வட்டி எவ்வளவு உயர்ந்ததென்றால், 2018இல் மத்திய வங்கி 35 வீதத்தை உச்சவரம்பாக விதிக்கவேண்டி வந்தது. வாராந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது கம்பனியில் கடன் என்று ஒருவரே பலவற்றில் சிக்கினார்கள். ஒரு கம்பனியின் கடனை மற்றொரு கம்பனியின் கடன் தீர்த்துக்கொண்டிருந்தவரையில் வசூல் நூற்றுக்கு நூறாகவே கணக்கில் தெரிந்தது. அதே 2018இல், திருகோணமலை உள்ளிட்ட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வட்டியைத் தாராளமாக உயர்த்திக் கொடுத்தால் எல்லாருக்கும் கடன் கிடைக்கும் என்பவர்கள், கிடைத்த கடனின் கதி என்னவாயிற்று என்பதையும் சொல்லட்டும்.

குறிஞ்சாக்கேணியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது வேறொரு கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. இஸ்லாம் வட்டியை விலக்கியிருக்கிறது. வட்டியில்லா வங்கிமுறை வந்துவிட்டால் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடாதா? 2011 முதல் அமானா வங்கி இத்தீவில் அந்த முறையில் நடந்துவருகிறது. பொருளை வாங்கி, இலாபம் வைத்து, தவணைக்கு விற்கும் முறாபஹா முறையில், பணம் நேரே பொருளாகிவிடுவதால் வேறு வழியில் திரும்பும் அபாயம் குறைகிறது. அது மெய்யான அநுகூலம். ஆனால் தவணை கட்டக்கூடியவன் யார் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது. இலாபத்தில் பங்குகொள்ளும் முளாறபா முறையோ, கொள்கையளவில் என் கணக்கின் முடிச்சையே அவிழ்க்கவல்லது. துணிச்சல்காரனின் இரண்டு இலட்சத்தில் முதலிட்டவனுக்கும் பங்கு வருமல்லவா? வரும், இரண்டு இலட்சம் கிடைத்ததென்று அவன் சொன்னால். எத்தனை மூட்டை விளைந்தது என்று வங்கிக்கு யார் சொல்வது? மறுபடியும் நாம் அறிவு என்ற வாசலிலேயே வந்து நிற்கிறோம்.

இவ்வளவும் சொன்னதனால் வங்கிகளின் ஒவ்வொரு மறுப்பும் நியாயமானதென்று நான் தீர்ப்பளித்துவிட்டதாக எவரும் கொள்ளவேண்டாம். என் கணக்கில் 80க்கு 20 என்றிருந்த விகிதத்தை 60க்கு 40 என்று மாற்றிப் பாருங்கள். 25 வீத வட்டியில் 77 பேர் கட்டுவார்கள். வருவது 96 இலட்சத்துச் சொச்சம். போட்ட நூறே திரும்பவில்லை. வட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அங்கே வங்கிக்கு வழியில்லை. ஆகவே அறுபது நிதானஸ்தரும் ஒருவர் விடாமல் விரட்டப்படுவர். வரிசையில் நிற்கும் பலரில் சிலருக்குக் கிடைத்துச் சிலருக்குக் கிடைக்காத மறுப்பு ஒன்று. ஓர் ஊரையே, ஒரு தொழிலையே, ஒரு வகைக் காணியையே கோடு கிழித்து ஒதுக்கிவைக்கும் மறுப்பு இன்னொன்று. முன்னதைக் காட்டிலும் பின்னது கொடியது. ஏனெனில் அந்த 60க்கு 40 என்ற விகிதத்தை வங்கி எண்ணிப் பார்த்து அறிந்ததா, எண்ணாமலே அநுமானித்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஓர் ஊரைப் பற்றிய அறியாமை எவ்வளவு மிகுந்ததோ, அவ்வளவுக்குத் துவேஷம் ஒளிந்துகொள்ளவும் இடமுண்டு. இரண்டையும் பிரித்தறிய ஓர் உபாயம் சொல்லலாம்: ஒரே தெருவில், ஒரேயளவு காணியும் ஒரே தொழிலும் உடைய இருவரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால் அது பங்கீடு, அந்தத் தெருவில் எவருக்குமே கிடைக்காவிட்டால் அது ஒதுக்கல்.

பிணையாக அரசாங்க உத்தியோகத்தரைக் கேட்பதும் இந்த ஒதுக்கலின் ஒரு முகமே. மாதச் சம்பளக்காரரை உறவினராகக் கொண்ட விவசாயிக்குக் கடன், கொள்ளாதவனுக்கு இல்லை என்னும்போது, வங்கி அளப்பது அவன் வயலையன்று, அவன் சுற்றத்தை. காணி விஷயமும் அவ்வாறே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவன் தலைமுறை தலைமுறையாக அந்தக் காணியை உழுதாலும், அதைத் தன் இஷ்டப்படி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது; ஏலம்போட முடியாத காணி வங்கிக்குக் காணியே அன்று. மிக நிதானமான விவசாயியும் இதனால் சொத்தில்லாதவன் வரிசையில் போய் நிற்கிறான்.

ஆதலால், அடுத்த பெரும்போகத்துக்கு முன்னே மனு எழுதப்போகும் கமக்காரர் அமைப்புகளின் நிருவாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். “எந்த வட்டியானாலும் கட்டுகிறோம்” என்ற வரியை மனுவிலிருந்து அடித்துவிடுங்கள். அது உங்களுக்கு நன்மை செய்யாது. எந்த வயலுக்கு எந்த வாய்க்கால், எவர் எத்தனை ஏக்கர் விதைத்தார், எத்தனை மூட்டை கண்டார், சென்ற போகங்களில் யார் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். நெற்காணிப் பதிவேடு கமநல சேவை நிலையத்தில் இருக்கிறது. 1990 முதல் இயங்கும் கொடுகடன் தகவல் பணியகமாகிய கிறிப்பின் ஏட்டில், வங்கிக் கடனே வாங்காத நிதானஸ்தனைப் பற்றி ஒரு வரியும் இராது. அவன் உரக்கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒழுங்காகக் கட்டிய கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. ஐந்து போகத்து விளைச்சல் கணக்கையும் அந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கையும் பெயர் பெயராக எழுதி, அமைப்பின் முத்திரையிட்டு மனுவோடு சேருங்கள். உத்தியோகத்தர் பிணைக்குப் பதிலாக அதை ஏற்கவேண்டுமென்றும், பெர்மிற் காணிக்காரனின் விளைச்சலைக் கடனுக்கு ஈடாகக் கொள்ளவேண்டுமென்றும் கேளுங்கள். அதன் பின்னும் கிளை மறுக்குமானால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.